ஒரு பில், எத்தனை வரி? ஓராண்டு விற்பனையைப் பிவட் டேபிளில் தொகுப்பது பற்றிய மீள்பார்வை

சென்ற ஆண்டில் யார், எந்த மாதம், எந்தச் சரக்கை, எவ்வளவுக்கு வாங்கினார்கள்? மொத்த வியாபாரம் செய்பவர் எவருக்கும் மார்ச் முடிந்ததும் எழும் கேள்வி இது. விடை முழுவதும் பில் கட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பில் என்பது ஒரு நாள், ஒரு வாடிக்கையாளர், ஒரு வண்டிச் சரக்கு என்று தனித்தனியாக எழுதப்பட்டது. கேள்வியோ ஆண்டு முழுவதையும் மூன்று பக்கமிருந்து பார்க்கச் சொல்கிறது. மாதம், வாடிக்கையாளர், சரக்கு என்ற மூன்றையும் இரண்டு திசை மட்டுமே உள்ள ஒரு தாளில் எப்படி அடக்குவது என்பதற்கு நூறாண்டுகளுக்கு மேலாகப் பல விடைகள் சொல்லப்பட்டுள்ளன. இன்று பெரும்பாலோர் கையில் எடுக்கும் விடை பிவட் டேபிள்.

அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே இடறுகின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. கருவிகளைப் பற்றிய விவாதம் பெரிதாகத் தெரிந்தாலும், உண்மையான சிக்கல் பெரும்பாலும் அதற்கு முந்தைய படியில், பில்லை எந்த வடிவில் வரிகளாக்குகிறோம் என்பதில்தான் இருக்கிறது என்பது இதன் கருத்து.

பத்திக் கணக்கும் துளை அட்டையும்

கணினிக்கு முன் இருந்த விடை, பல பத்திகள் கோடிட்ட நோட்டு. நாள்வழியில் பதிந்த ஒவ்வொரு பில்லையும் சரக்கு வாரியாகப் பிரித்து அந்தந்தப் பத்தியில் எழுதி, மாத முடிவில் கீழ்நோக்கிக் கூட்டுவார்கள். பிறகு கூட்டல்களைக் குறுக்கே கூட்டி, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பார்கள். பிழையைப் பிடிக்க இந்தக் குறுக்குக் கூட்டல் நல்ல வழி. குறை என்னவென்றால், நோட்டைக் கோடிடும்போதே கேள்வி முடிவாகிவிடுகிறது. சரக்கு வாரியாகப் பத்தி போட்டபின் வாடிக்கையாளர் வாரியாகக் கேட்டால், ஆண்டு முழுவதையும் இன்னொரு நோட்டில் மறுபடி எழுத வேண்டும்.

வேறொரு வழியைக் காட்டியது துளை அட்டை. ஹெர்மன் ஹாலரித் 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகச் செய்த இயந்திரத்தில் ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. வயதுப்படி எண்ண வேண்டுமா, தொழில்படி எண்ண வேண்டுமா என்பதை அட்டையைத் துளையிடும்போது முடிவு செய்ய வேண்டியதில்லை. அதே அட்டைகளை மறுபடி வகைபிரித்து எண்ணினால் போதும். 1890களிலேயே அமெரிக்க ரயில் நிறுவனம் ஒன்று சரக்குச் சீட்டுகளைக் கணக்கிட இம்முறைக்கு வந்தது. பிவட் டேபிளின் கரு இங்கேயே இருக்கிறது எனலாம்: கேள்வியை மாற்றினாலும் அட்டை மாறாது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஓர் அட்டை எதைக் குறிக்கிறது என்பதில் ஐயம் இருக்கக் கூடாது. ஓர் ஆளுக்கு இரண்டு அட்டை விழுந்தால் எந்த வகைபிரிப்பும் அதைத் திருத்தாது.

சுழலும் அட்டவணை வந்த வழி

1979இல் வந்த விசிகால்க்கும் 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3யும் கோடிட்ட நோட்டையே திரைக்குக் கொண்டுவந்தன. கூட்டல் தானாக நடந்தது. பத்தியின் பிடிவாதம் அப்படியே இருந்தது. அந்தப் பிடிவாதத்தை உடைக்க லோட்டஸ் நிறுவனத்தில் பிட்டோ சாலஸ் முன்வைத்த எண்ணம், தரவு வேறு, அதைப் பார்க்கும் கோணம் வேறு என்பது. அதிலிருந்து பிறந்த லோட்டஸ் இம்ப்ரூவ் 1991இல் நெக்ஸ்ட் கணினிக்காக வெளிவந்தது. அதில் மாதத்தை வரிசையிலிருந்து பத்திக்கு இழுத்துப் போட்டால் அட்டவணை திரும்பிக்கொள்ளும். இம்ப்ரூவ் சந்தையில் நிலைக்கவில்லை. அந்த எண்ணம் 1993இல் எக்செல் 5வது பதிப்பில் பிவட் டேபிள் என்ற பெயரில் நிலைபெற்றது.

இதற்குக் கணித வடிவம் தந்தவர்கள் தரவுத்தள ஆய்வாளர்கள். ஜிம் கிரேயும் உடன் பணியாற்றியோரும் 1996இல் எழுதிய கட்டுரை, இத்தகைய தொகுப்பை ஒரு கனசதுரமாகக் காட்டியது. மூன்று கோணம் இருந்தால் தொகுக்கும் வழி எட்டு: மாதம் மட்டும், வாடிக்கையாளர் மட்டும், சரக்கு மட்டும், இரண்டிரண்டாகச் சேர்த்த மூன்று வழிகள், மூன்றும் சேர்ந்த ஒன்று, எதையும் பிரிக்காத மொத்தம். பிவட் டேபிளில் நாம் இழுத்துப் போடும் ஒவ்வொரு அமைப்பும் இந்த எட்டில் ஒன்றோ சிலவோதான். எட்டும் ஒரே வரிகளிலிருந்து வருவதால் எட்டிலும் மொத்தம் ஒன்றாகவே இருக்கும். இது பெரிய பலம். வரிகளில் தவறு இருந்தால் எட்டிலும் அதே தவறு ஒத்துப்போய் நிற்கும் என்பது அதன் மறுபக்கம். பழைய நோட்டின் குறுக்குக் கூட்டல் பிடித்த சில பிழைகள் இங்கே பிடிபடாமல் போவது இதனால்தான்.

பில்லின் தலைப்பும் பில்லின் வரியும்

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டில் மசாலாத் தூள் மொத்த விற்பனை செய்யும் ஒரு கடை, 2024 செப்டம்பர் 28 அன்று சேலத்துக் கடை ஒன்றுக்குப் பில் போடுகிறது. மஞ்சள்தூள் 200 கிலோ, கிலோ 200 ரூபாய் வீதம் 40,000. மிளகாய்த்தூள் 50 கிலோ, கிலோ 240 வீதம் 12,000. லாரி வாடகை 1,040. வரிக்கு உட்பட்ட மதிப்பு 53,040. அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 2,652. பில் தொகை 55,692.

பில் மென்பொருளிலிருந்து இதை எக்செலுக்கு எடுத்தால் பெரும்பாலும் இரண்டு வரிகள் வரும், சரக்குக்கு ஒன்றாக. பில் எண், தேதி, பார்ட்டி பெயர் ஆகியவை இரண்டிலும் திரும்ப வரும், அதில் குற்றமில்லை. பில் தொகையான 55,692உம் இரண்டு வரியிலும் திரும்ப வந்தால்தான் ஆபத்து. அந்தப் பத்தியைப் பிவட்டில் கூட்டினால் ஒரே பில் 1,11,384 ஆகிவிடும். மூன்று சரக்கு உள்ள பில் மூன்று மடங்காகும். ஒரே சரக்கு வாங்கும் பார்ட்டியின் கணக்கு மட்டும் சரியாக இருக்கும். பல சரக்குகள் வாங்குவோர் ஆண்டின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களாகத் தோன்றுவார்கள். யாருக்கு மிகைப்பட்டிருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். உறுதிசெய்ய, பிவட்டின் மொத்தத்தைப் பேரேட்டில் விற்பனைக் கணக்கின் ஆண்டுக் கூட்டலோடு ஒப்பிட வேண்டும்.

ஆகவே வரியில் இருக்க வேண்டியது அந்த வரிக்கே உரிய தொகை, அதாவது 40,000, 12,000. இதுவரை யாருக்கும் மாற்றுக்கருத்து இருப்பதாகத் தெரியவில்லை. பிணக்கு லாரி வாடகையில் தொடங்குகிறது. அந்த 1,040 ரூபாய் எந்தச் சரக்குடையது?

தரவுக் கிடங்கு முறையைப் பரவலாக்கிய ரால்ஃப் கிம்பால், 1996இல் வெளிவந்த தம் நூலிலிருந்தே, முதலில் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று அறிவிக்கச் சொல்கிறார். பில்லின் தலைப்பில் நிற்கும் தொகைகளைச் சரக்கு வரிகளுக்குப் பங்கிட்டு இறக்குவதே அவர் பரிந்துரை. அப்படிச் செய்தால் மூன்று கோணத்திலும் எல்லாத் தொகையும் கிடைக்கும். ஆனால் எதைக் கொண்டு பங்கிடுவது? மதிப்பைக் கொண்டு பங்கிட்டால் மஞ்சளுக்கு 800, மிளகாய்க்கு 240. எடையைக் கொண்டு பங்கிட்டால் 832, 208. லாரிக்காரர் எடைக்குத்தான் வாடகை கேட்கிறார் என்பதால் எடைப் பங்கீடு நியாயமாகப் படுகிறது. வாடகையே இல்லாமல் பில் அளவில் தள்ளுபடி தந்திருந்தால் மதிப்புப் பங்கீடு பொருந்தும். இரண்டும் ஒரே பில்லில் வந்தால் இரண்டு விதி தேவைப்படும்.

இதற்கு எதிர்நிலை, பங்கிடவே கூடாது என்பது. வாடகையையும் ஒரு சரக்கைப் போலக் கருதி, சரக்குப் பத்தியில் 'லாரி வாடகை' என்று மூன்றாவது வரி எழுதிவிடலாம். மொத்தம் பேரேட்டோடு ஒத்துவரும், கற்பித்த எண் எதுவும் உள்ளே வராது. பறிபோவது ஒன்று: மஞ்சளில் இந்த ஆண்டு எவ்வளவு வந்தது என்ற கேள்விக்கு வாடகை சேர்ந்த விடை கிடைக்காது. சிறு வியாபாரத்துக்கு இந்த மூன்றாவது வரியே பாதுகாப்பானது என்று தோன்றுகிறது. பங்கீடு வேண்டுமென்றால் பின்னர் ஒரு தனிப் பத்தியில் செய்துகொள்ளலாம்; பங்கிட்டுக் கலந்ததைப் பிரிப்பதுதான் கடினம். ஜிஎஸ்டித் தொகையை இந்தத் தொகுப்பில் சேர்க்காமல் விடுவது வழக்கம். அது கடையின் வருமானம் அல்ல.

வரி முறைக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. பில் எண்ணை எண்ணச் சொன்னால் பிவட் வரிகளைத்தான் எண்ணும்; மேற்கண்ட பில்லை மூன்று என்று சொல்லும். பில்களை மட்டும் எண்ண Distinct Count வேண்டும். அது எக்செல் 2013 முதல், தரவை Data Modelஇல் சேர்த்தால் மட்டுமே கிடைக்கிறது.

மாதம் என்பது எது

மூன்று கோணங்களில் மாதம் எளிது என்று நினைக்கத் தோன்றும். நடைமுறையில் அதிகத் தொல்லை தருவது அதுதான்.

முதல் தொல்லை கணினியின் வட்டார அமைப்பு. பில் மென்பொருள் 03-04-2024 என்று நாளை முதலில் வைத்து அனுப்புகிறது. அமெரிக்க முறைப்படி அமைந்த கணினி அதை மார்ச் 4 என்று படிக்கும். 13-04-2024ஐ அதனால் தேதியாகவே படிக்க முடியாது, வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆகவே மாதத்தின் முதல் 12 நாட்களில் போட்ட பில்களில் நாளும் மாதமும் இடம் மாறும். மீதி நாட்களின் பில்கள் எழுத்தாக நிற்கும். ஏப்ரல் 2024இல் தொடங்கும் கணக்காண்டில் ஜனவரி 2024 தலைகாட்டினால் இதுதான் காரணம் என்று கொள்ளலாம். 05-08-2024 போன்ற தேதி மே 8 ஆகி ஆண்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்வதால் அதைக் கண்ணால் பிடிக்க முடியாது. தேதிப் பத்தியில் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நிற்கின்றனவா என்று முதலில் பார்ப்பது நல்லது. எக்செலில் உண்மையான தேதி வலப்பக்கம் நிற்கும்.

இரண்டாவது, நம் கணக்காண்டு. எக்செல் 2016 முதல், தேதியை இழுத்துப் போட்டதும் ஆண்டு, காலாண்டு, மாதம் என்று தானே குழுவாக்கிக்கொள்கிறது. ஆனால் அதன் முதல் காலாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நம்முடையதோ ஏப்ரலில். ஆண்டை நீக்கி மாதத்தை மட்டும் வைத்தால் ஜனவரி முதலில் வந்து நிற்கும். அடுத்த ஆண்டின் பில்களையும் கீழே சேர்த்துவிட்டால் இரண்டு ஏப்ரலும் ஒன்றாகிவிடும். தானியங்கிக் குழுவை விட்டுவிட்டு, தரவிலேயே ஒரு மாதப் பத்தி சேர்ப்பதைப் பலர் விரும்புவது இதனால்தான்:

```
=TEXT([@Date],"yyyy-mm")
```

இது 2024-04 என்று தொடங்கி 2025-03 வரை தானாகவே வரிசையில் நிற்கும். பார்க்க அழகில்லை, குழம்பவும் வழியில்லை.

மூன்றாவது தொல்லை கருவியைச் சேர்ந்ததல்ல. சேலத்துக் கடை அக்டோபர் 10 அன்று 20 கிலோ மஞ்சள்தூளைத் திருப்பி அனுப்புகிறது. ஈரோட்டுக் கடை 4,000 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் போடுகிறது. இந்தக் கழிவு செப்டம்பருக்கா, அக்டோபருக்கா? கணக்கரின் நிலை, அக்டோபர் என்பது. கிரெடிட் நோட்டின் தேதி அதுதான், ஜிஎஸ்டி ரிட்டர்னும் அந்த மாதத்தில்தான் அதைக் காட்டும், பேரேடும் அப்படியே நிற்கும். சேலத்துக் கடை அக்டோபரில் வேறெதுவும் வாங்கவில்லை என்றால் பிவட்டில் அதற்கு நேரே கழித்தல் 4,000 தெரியும். விற்பனையைக் கவனிப்பவரின் நிலை வேறு: செப்டம்பரில் உண்மையில் விற்றது 180 கிலோதான், எனவே 36,000 என்று அந்த மாதத்தையே திருத்த வேண்டும் என்பார். அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் அதை ஏற்றால், முடிந்து அச்சிட்டுக் கொடுத்த மாதக் கணக்கு பிறகும் மாறிக்கொண்டே இருக்கும். சட்டப்படி ஓராண்டின் பில்லுக்கான கிரெடிட் நோட்டை ரிட்டர்னில் காட்ட அடுத்த நவம்பர் 30 வரை இடமுண்டு என்பதால், மார்ச் மாத எண் எப்போது இறுதியாகும் என்பதும் தெளிவில்லை.

இரண்டையும் ஏற்க ஒரு வழி, கிரெடிட் நோட் வரியில் இரண்டு மாதப் பத்திகள் வைப்பது: ஆவணத்தின் மாதம், மூலப் பில்லின் மாதம். எந்தப் பத்தியை இழுத்துப் போடுகிறோமோ அந்த விடை வரும். இதற்கு ஒவ்வொரு கிரெடிட் நோட்டிலும் மூலப் பில் எண் இருக்க வேண்டும். பல பில்களுக்குச் சேர்த்து ஒரே கிரெடிட் நோட் போட்டிருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

யார் வாடிக்கையாளர்

பெயரில் பிவட் மிகக் கறார். பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி கூடினால் அது வேறு ஆள். 'டிரேடர்ஸ்', 'டிரேடிங்' என்று இருவகையாகப் பதிந்திருந்தால் ஒரே கடை இரண்டு வரிசையில் நிற்கும். பெயரை விட்டு 15 எழுத்துள்ள ஜிஎஸ்டி எண்ணைக் கொண்டு தொகுத்தால் இது பெரும்பாலும் தீரும். ஆனால் அந்த எண் மாநிலத்துக்கு ஒன்று. தமிழ்நாட்டில் 33 என்றும் கர்நாடகத்தில் 29 என்றும் தொடங்கும் இரண்டு பதிவுகள் ஒரே நிறுவனத்துடையவையாக இருக்கலாம். நடுவிலுள்ள பத்து எழுத்துகள், அதாவது பான் எண், ஒன்றாக இருக்கும். கடன் வரம்பை முடிவு செய்ய அவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சரக்கு அனுப்பத் திட்டமிடத் தனியாகப் பார்க்க வேண்டும். பதிவில்லாத சில்லறை வாங்குவோருக்கு எண்ணே கிடையாது. 'ரொக்க விற்பனை' என்ற ஒரே பெயரில் அவர்கள் எல்லோரும் அடங்கி, பட்டியலின் பெரிய வாடிக்கையாளராக அமர்ந்துவிடுவார்கள்.

சராசரி விலை என்னும் பொறி

கூட்டலில் நன்றாக இயங்கும் பிவட், பெருக்கலில் ஏமாற்றக்கூடும். மதிப்புப் பத்தி இல்லாத தரவில் அளவையும் விலையையும் பெருக்கும் Calculated Field ஒன்றைச் சேர்ப்பது இயல்பாகத் தோன்றும். மஞ்சள்தூள் ஒருமுறை 100 கிலோ 200 ரூபாய்க்கும், இன்னொரு முறை 50 கிலோ 220 ரூபாய்க்கும் விற்றால் உண்மை மதிப்பு 20,000உம் 11,000உம் சேர்ந்து 31,000. Calculated Field வரி வரியாகப் பெருக்காது. முதலில் அளவைக் கூட்டி 150, விலையைக் கூட்டி 420, பிறகு இரண்டையும் பெருக்கி 63,000 என்று சொல்லும். ஒரே பில் உள்ள கட்டத்தில் விடை சரியாகவும், பல பில் உள்ள கட்டத்தில் பிழையாகவும் இருக்கும் என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் பிடிபடாது. பெருக்கலைத் தரவிலேயே ஒவ்வொரு வரியிலும் செய்துவிட வேண்டும்.

இந்தக் குணமே சராசரி விலைக்கு நன்மை ஆகிறது. மதிப்பை அளவால் வகுக்கும் Calculated Field, கூட்டிய பின் வகுப்பதால், 31,000ஐ 150ஆல் வகுத்து 206.67 என்ற எடையிட்ட சராசரியைத் தரும். விலைப் பத்தியை Averageஇல் போட்டால் 210 வரும். பெரிய பில்லையும் சிறிய பில்லையும் ஒன்றாகக் கருதும் எண் அது.

பிவட்டை ஏற்காதோர்

பிவட்டுக்கு மாற்றாக மூன்று நிலைகளைக் காண்கிறோம். முதல் நிலையினர், முன்பே அச்சிட்ட படிவம் போன்ற அட்டவணையில் எக்செல் 2007இல் வந்த SUMIFS சூத்திரத்தை நிரப்புகிறார்கள். வடிவம் மாறாது, வங்கிக்கோ தணிக்கையாளருக்கோ மாதந்தோறும் ஒரே தாளைக் கொடுக்கலாம். நவம்பரில் புதிய சரக்கு ஒன்று சேர்ந்து, அதற்கு வரிசை இல்லை என்றால் அது சத்தமின்றி விடுபடும். கோடிட்ட நோட்டின் பழைய நோய்தான் இது.

இரண்டாம் நிலையினரின் குற்றச்சாட்டு, பிவட் பொதுவாகத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது என்பது. அது தரவின் ஒரு படியை உள்ளே வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. வரியைத் திருத்தினாலும் Refresh அழுத்தும்வரை பழைய எண்ணே நிற்கும். மைக்ரோசாஃப்ட் 365இல் வந்துள்ள PIVOTBY இதற்கு விடையாக முன்வைக்கப்படுகிறது:

```
=PIVOTBY(Lines[[Customer]:[Product]],Lines[Month],Lines[Amount],SUM)
```

திருத்தியதும் இது மாறும். ஆனால் பழைய எக்செல் உள்ளவர்களிடம் இயங்காது. பிவட்டில் ஓர் எண்ணின் மேல் இருமுறை சொடுக்கினால் அதன் பின்னுள்ள பில் வரிகள் தனித்தாளில் விரியும். அந்த வசதி இதில் இல்லை, ஐயம் எழும் இடத்தில் அதன் இழப்பு பெரிது.

மூன்றாம் நிலையினர் எக்செலுக்கே வர வேண்டாம், பில் மென்பொருளின் அறிக்கையே போதும் என்கிறார்கள். ஒரு கோணம், இரண்டு கோணம் வரை அது போதும்.

இன்னும் தீராதவை

கூட்டலின் இயந்திரப் பகுதி தீர்ந்துவிட்டது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வரிக்கு உரிய தொகை, உண்மையான தேதி, ஒரே பெயர் ஆகிய மூன்றும் இருந்தால், மொத்தத்தைப் பேரேட்டோடு சரிபார்த்த எந்தக் கருவியும் ஒரே விடையையே தரும். வாடகைப் பங்கீடும் திரும்பிய சரக்கின் மாதமும் அப்படித் தீரவில்லை. அவற்றில் சரி, தவறு என்பதைவிட, விடை யாருக்கு என்பதே முடிவைத் தீர்மானிப்பதாகத் தெரிகிறது. ஒரே கடையில் இரண்டு விடைகள் உலவுவதை ஏற்கலாமா என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

இன்னொரு கேள்வி இவற்றினும் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. 12 மாதம், 60 வாடிக்கையாளர், 20 சரக்கு என்றால் கட்டங்கள் 14,400. அவற்றில் பெரும்பாலானவை வெற்றாகவே இருக்கும். வெற்றுக் கட்டம் வாங்காததைக் குறிக்கிறதா, பில் விடுபட்டதைக் குறிக்கிறதா என்பதைப் பிவட் சொல்லாது. முந்தைய ஆண்டு வாங்கி, இந்த ஆண்டு ஒரு பில்கூடப் போடாத வாடிக்கையாளருக்கு வெற்றுக் கட்டம்கூடக் கிடைப்பதில்லை. வரியே இல்லாதவருக்குப் பிவட்டில் வரிசையும் இல்லை. அவரைக் காண வேண்டுமானால் பில்களுக்கு வெளியே இருக்கும் பார்ட்டிப் பட்டியலைக் கொண்டுவந்து இணைக்க வேண்டும். அந்த வேலை பில் தொகுப்பைச் சேர்ந்ததா, அதற்கு அப்பாற்பட்டதா என்பதில் கணக்கர்களும் விற்பனையாளர்களும் இன்னும் வெவ்வேறு பக்கம் நிற்கிறார்கள்.